“பணம் இல்லை, ஆனால் பெயர் கிடைக்கும்” என்றால் என்ன பதில் சொல்வது?

“தம்பி, எங்ககிட்ட பட்ஜெட் இல்லப்பா. ஆனா 600 பேர் வராங்க. உங்களுக்கு நல்ல பேர் கிடைக்கும்.”

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு வந்த அழைப்பு இது. ஒரு தனியார் நிறுவனத்தின் தீபாவளி விருந்து. ஷா ஆலாமில் ஒரு மண்டபம். தமிழிலும் மலாயிலும் நிகழ்ச்சியை வழிநடத்த வேண்டும். இடைநிலைப்பள்ளியில் தொடங்கி மேடை அறிவிப்பு செய்து பழகியவன் நான். 600 பேர் என்றதும் வேறு எதையும் கேட்காமல் “சரிங்க அண்ணா” என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது. முடிந்ததும் ஒலிபெருக்கிச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், “தம்பி, உங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “எனக்குக் கொடுத்தாங்க. சாப்பாட்டுக்காரருக்குக் கொடுத்தாங்க. பூ அலங்காரம் பண்ணவங்களுக்கும் கொடுத்தாங்க. உங்களுக்கு மட்டுமா பட்ஜெட் இல்ல?”

வீட்டுக்குப் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்பாட்டுக் குழுவுடன் கூட்டம் 2 மணி நேரம், அறிவிப்புகளை இரு மொழியிலும் எழுதியது 4 மணி நேரம், ஒத்திகை 2 மணி நேரம், நிகழ்ச்சி 4 மணி நேரம், கிள்ளானிலிருந்து போய் வந்ததும் காத்திருந்ததும் 3 மணி நேரம். மொத்தம் 15 மணி நேரம். கிராப் செலவு 58 ரிங்கிட், குர்த்தா வாடகை 60 ரிங்கிட். அப்போது நான் பகுதி நேரமாக வேலை செய்த கடையில் மணிக்கு 10 ரிங்கிட் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் என் உழைப்பு 150 ரிங்கிட். கைக்காசு 118 ரிங்கிட். ஆக, அந்த விருந்துக்கு நான் 268 ரிங்கிட் நன்கொடை கொடுத்திருக்கிறேன், அதுவும் லாபம் பார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு!

சரி, சொன்னபடி பெயராவது கிடைத்ததா? கிடைத்தது. அடுத்த இரண்டு மாதங்களில் மூன்று அழைப்புகள் வந்தன. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “அங்க சும்மா பண்ணிக் கொடுத்தீங்களாமே, எங்களுக்கும் பண்ணுங்க.”

நான் கற்ற பாடம் அதுதான். நம்மை ஒருவர் இன்னொருவரிடம் சிபாரிசு செய்யும்போது பெயரை மட்டும் சொல்வதில்லை. விலையையும் சேர்த்தே சொல்கிறார். இலவசமாகச் செய்த வேலை, இலவச வேலைகளையே கூட்டி வந்தது. அதனால் இப்போது இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் உடனே ‘சரி’ என்பதும் இல்லை, ‘முடியாது’ என்பதும் இல்லை. முதலில் விவரம் கேட்கிறேன்.

கேட்பது மூன்றுதான். ஒன்று, அந்த நிகழ்ச்சியில் வேறு யாருக்கெல்லாம் பணம் கொடுக்கப்படுகிறது? எல்லாரும் தொண்டூழியர்கள் என்றால் அது ஒரு கதை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் இருக்கிறது, மேடையில் நிற்பவனுக்கு மட்டும் இல்லை என்றால் அது வேறு கதை. இரண்டு, கிடைக்கும் என்கிற ‘பெயர்’ எந்த வடிவில் கிடைக்கும்? அழைப்பிதழில் என் பெயர் வருமா, முகநூல் பதிவில் வருமா, நிகழ்ச்சியின் காணொளி எனக்குத் தரப்படுமா, வருகிறவர்களில் அறிவிப்பாளரை வேலைக்கு அமர்த்தக் கூடியவர்கள் யார்? மூன்று, வேலை எத்தனை மணி நேரம்?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். உண்மையிலேயே ஏதாவது தர நினைப்பவர், “மூன்று திருமண மண்டப உரிமையாளர்கள் வருகிறார்கள், அறிமுகம் செய்து வைக்கிறேன், காணொளியை ஒரு வாரத்தில் அனுப்புகிறேன்” என்று விவரமாகச் சொல்வார். அப்படி எதுவும் யோசிக்காதவர், “நிறைய பேர் வருவாங்க தம்பி” என்று மறுபடியும் அதையே சொல்வார். விருந்துக்கு வந்து கோழிக்கறி சாப்பிடும் 600 பேரில் எத்தனை பேர் அறிவிப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

அடுத்த ஆண்டு, என் அத்தை மகனுக்குத் தெரிந்த ஒருவர் புலனத்தில் அதே போன்ற அழைப்பை அனுப்பினார். இது இன்னும் சங்கடம். நடுவில் சொந்தக்காரர் இருக்கிறார். கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டேன். வேலை முந்திய விருந்தின் அளவுதான். 15 மணி நேரத்துக்கு 150, கிராப் 60, மொத்தம் 210 ரிங்கிட். இரு மொழியில் மேடையைக் கட்டுப்படுத்துவது கல்லாவில் நிற்கும் வேலையைவிடப் பயிற்சி கேட்பது. பேரம் பேசவும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆகவே 300 என்று முடிவு செய்தேன். நான் அனுப்பிய பதில் இது:

“வணக்கம் அண்ணா. என்னை நினைத்துக் கேட்டதற்கு நன்றி. அந்தத் தேதியில் எனக்கு நேரம் இருக்கிறது. எழுத்து, ஒத்திகை, நிகழ்ச்சி எல்லாம் சேர்த்து என் கட்டணம் 300 ரிங்கிட். உங்கள் குழு இதற்கு ஒதுக்கியுள்ள தொகையைச் சொன்னால், அதற்குள் என்ன செய்யலாம் என்று பேசலாம். வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் தேதியை உறுதி செய்கிறேன்.”

இந்தப் பதிலில் மன்னிப்பு கேட்கும் சொல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். “நான் மாணவன், செலவு அதிகம்” என்ற விளக்கமும் இல்லை. விளக்கம் சொன்னால் அந்த விளக்கத்தோடு வாதாடத் தொடங்குவார்கள். அவர் பணம் தர மறுத்ததைக் குத்திக்காட்டவும் இல்லை. கேட்பவர்களில் பலர் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர்; மேடைக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியாதவர்கள். தொகை, அதில் அடங்கும் வேலை, பதில் வேண்டிய நாள், இந்த மூன்றும் இருந்தால் போதும்.

அவர் 200 ரிங்கிட்தான் முடியும் என்றார். இங்கேதான் பலர் தவறு செய்கிறோம்: விலையைக் குறைத்துவிட்டு வேலையை அப்படியே வைத்துக்கொள்கிறோம். அப்படிச் செய்தால், முதலில் சொன்ன 300 சும்மா சொன்னது என்றாகிவிடும். நான் வேலையையும் குறைத்தேன். “200-க்குச் செய்கிறேன் அண்ணா. அறிவிப்பு வாசகங்களை உங்கள் குழு எழுதித் தரட்டும், கூட்டத்துக்கு வராமல் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம்” என்றேன். எழுத்துக்கான 4 மணி நேரமும் கூட்டத்துக்கான 2 மணி நேரமும் போக, மிஞ்சியது 9 மணி நேரம். அதற்கு 90, கிராப்புக்கு 60, மொத்தம் 150. ஆக 200 எனக்குக் கட்டுப்படியானது. பேசியதை அன்றே புலனத்தில் எழுதி, “சரி” என்று அவரிடமிருந்து பதில் வாங்கிக்கொண்டேன். வாய்வார்த்தை நிகழ்ச்சி நாளன்று மறந்துபோகும், எழுத்து மறக்காது.

வேலைக்கே போகாதவர்கள் மணிக்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 முதல் மாதத்துக்கு 1,700 ரிங்கிட்; மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 17 சென். அது தொழிலாளர்களுக்கான சட்டம். ஒரு நாள் மேடை ஏறும் நமக்காக எழுதப்பட்டது அல்ல. ஆனாலும் அதற்குக் கீழே போகக்கூடாது என்று ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

“இந்த முறை சும்மா பண்ணுங்க, அடுத்த முறை நல்லா கவனிச்சிடுறோம்” என்பது இன்னொரு வகை. இதற்கு என் பதில்: “மகிழ்ச்சி அண்ணா. அடுத்த நிகழ்ச்சி எப்போது, அதற்கு எவ்வளவு என்று இப்போதே எழுதி உறுதி செய்துகொள்வோமா?” இதுவரை ஒருவர்கூட எழுதித் தந்ததில்லை. கோபித்துக்கொண்டதும் இல்லை, பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இப்படிப் பதில் சொன்னால் எல்லா வேலையும் கிடைக்குமா? கிடைக்காது. ஒருவர் என் செய்தியைப் படித்ததோடு சரி, மறுமொழியே இல்லை. அந்த மேடையில் வேறொரு மாணவர் நின்றதைப் பிறகு படங்களில் பார்த்தேன். கொஞ்சம் வலித்தது. அந்தச் சனிக்கிழமை கடையில் 8 மணி நேரம் நின்று 80 ரிங்கிட் சம்பாதித்தேன்.

நான் இன்றும் இலவசமாகச் செய்கிறேன். நான் படித்த தமிழ்ப்பள்ளியின் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் போகிறேன். அங்கே ஆசிரியர்கள் தங்கள் கைக்காசில் கரும்பு வாங்குகிறார்கள், பெற்றோர்களே சமைக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் இல்லாத இடத்தில் எனக்கும் வேண்டாம். அங்கே பெயர் கிடைக்கும் என்று யாரும் ஆசை காட்டுவதும் இல்லை. “ஐயா, வர முடியுமா?” என்று தலைமையாசிரியர் நேராகக் கேட்கிறார், நானும் நேராகச் சொல்கிறேன்.

ஆனால் அங்கும் ஒன்று செய்கிறேன். நிகழ்ச்சிக்கு முன் ஓர் இன்வாய்ஸ் அனுப்புகிறேன். அதில் ‘நிகழ்ச்சி அறிவிப்பு: 300 ரிங்கிட்’ என்று ஒரு வரி, ‘பள்ளிக்கு அன்பளிப்பு: கழிவு 300 ரிங்கிட்’ என்று அடுத்த வரி, கட்ட வேண்டியது 0. முதல் முறை பார்த்தபோது தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். ஆனால் அந்தத் தாளால் ஒரு பயன் இருக்கிறது. அடுத்த ஆண்டு பெற்றோர் ஒருவர் தம் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு அறிவிப்பாளர் வேண்டும் என்று பள்ளியில் விசாரித்திருக்கிறார். தலைமையாசிரியர் என் எண்ணைக் கொடுத்து, “அவர் 300 வெள்ளி வாங்குவார், நமக்கு மட்டும் அன்பளிப்பாகச் செய்தார்” என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெற்றோர் அழைத்தபோது கேட்ட முதல் கேள்வி, தேதி இருக்கிறதா என்பதுதான்.