வான்னாக்ரையும் மூன்று அட்டவணைகளும்

சைபர் பாதுகாப்புத் துறைக்குள் நுழைய விரும்புகிறவர்கள் பலர் முதலில் எழுதுவது காம்ப்டியா நிறுவனத்தின் செக்யூரிட்டி பிளஸ் தேர்வு. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். இதில் ஒரு சம்பவத்தைச் சொல்லி, நடந்தது எவ்வகைத் தாக்குதல், எதைச் செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று கேட்கும் கேள்விகள் நிறைய வரும். அட்டவணைகளை உருப்போட்டவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். உண்மையில் நடந்த ஒரு தாக்குதலை எடுத்துக்கொண்டு அட்டவணைகளை அதோடு சேர்த்துப் படித்தால் மனதில் நிற்கும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது வான்னாக்ரை.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கணினித் திரையில் சிவப்பு நிறப் பெட்டி ஒன்று தோன்றியது. உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்புங்கள், மூன்று நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பாகும் என்றது அது. கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் `.WNCRY` ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. சில ஊர்களில் ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். ஓரிரு நாட்களில் சுமார் 150 நாடுகளில் பாதிப்பு தெரியவந்தது.

இதை என்னவென்று வகைப்படுத்துவது? தேர்வில் குழப்பும் பெயர்கள் இவை:

| வகை | எப்படிப் பரவும் | மனிதர் எதையாவது திறக்க வேண்டுமா |
|---|---|---|
| வைரஸ் | வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு | ஆம் |
| வோர்ம் | நெட்வொர்க் வழியாகத் தானாக | வேண்டாம் |
| ட்ரோஜன் | நல்ல மென்பொருள்போல வேடமிட்டு | ஆம் |
| ரான்சம்வேர் | மேலே உள்ள எந்த வழியிலும் வரலாம் | வந்த வழியைப் பொறுத்தது |

முதல் மூன்றும் ஒரு நச்சுநிரல் எப்படி வருகிறது என்பதைச் சொல்கின்றன. நான்காவது, வந்தபின் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. ஆகவே ஒரே நச்சுநிரல் இரண்டு வரிசையிலும் இருக்கலாம். வான்னாக்ரை வோர்ம் போலப் பரவியது, ரான்சம்வேர் போலப் பணம் கேட்டது. மின்னஞ்சலில் வந்த இணைப்பை யாரோ திறந்ததால்தான் பரவியது என்று அப்போது பலரும் நினைத்தார்கள். ஆனால் கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் பழைய எஸ்எம்பி முறையில் ஒரு ஓட்டை இருந்தது. போர்ட் 445 திறந்திருந்த கணினிகளைத் தேடிப்பிடித்து, அந்த ஓட்டை வழியாக வோர்ம் தானே நுழைந்தது. ஓட்டை இருப்பது பலவீனம். அதற்குள் நுழைய எழுதப்பட்ட நிரல் எக்ஸ்ப்ளாய்ட். இங்கே அதன் பெயர் எடர்னல்புளூ. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் இருந்த அந்த எக்ஸ்ப்ளாய்ட்டை, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு 2017 ஏப்ரல் 14 அன்று வெளியே விட்டது.

ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் அதற்கும் ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, `MS17-010` என்ற அறிவிப்போடு வெளியிட்டிருந்தது. தாக்குதல் நடந்தது 59 நாள் கழித்து. அடுத்த அட்டவணைக்கு இந்த இடைவெளிதான் உயிர். கட்டுப்பாடுகளைத் தேர்வு இரண்டு கோணத்தில் பிரிக்கிறது: அது எந்த இனம், என்ன வேலை செய்கிறது.

| கட்டுப்பாடு | இனம் | வேலை |
|---|---|---|
| `MS17-010` பேட்ச் | தொழில்நுட்பம் | முன்கூட்டித் தடுப்பது |
| ஃபயர்வாலில் போர்ட் 445ஐ மூடுவது | தொழில்நுட்பம் | முன்கூட்டித் தடுப்பது |
| இத்தனை நாளுக்குள் பேட்ச் போட வேண்டும் என்ற விதி | நிர்வாகம் | வழிகாட்டுவது |
| நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிப்பது | தொழில்நுட்பம் | கண்டறிவது |
| பேக்கப்பிலிருந்து மீட்பது | தொழில்நுட்பம் | சரிசெய்வது |
| பேட்ச் போட முடியாத கருவியைத் தனி நெட்வொர்க்கில் வைப்பது | தொழில்நுட்பம் | ஈடுகட்டுவது |

கடைசி வரிதான் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது. சில எம்ஆர்ஐ ஸ்கேனர்களுக்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி இயங்கிக்கொண்டிருந்தது. கருவியை விற்ற நிறுவனம்தான் அதைப் புதுப்பிக்க வேண்டும், மருத்துவமனை ஊழியர் தாமாகக் கை வைக்க முடியாது. செய்ய வேண்டியதைச் செய்ய வழியில்லாதபோது அதற்கு நிகராக வேறொன்றைச் செய்வதே ஈடுகட்டும் கட்டுப்பாடு.

பேட்ச் போடச் சொல்லி மருத்துவமனைகளுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே எச்சரிக்கை போயிருந்தது. ஆனால் சொன்னபடி செய்தார்களா என்று சரிபார்க்க முறையான ஏற்பாடு இல்லை என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் அறிக்கையில் எழுதியது. கட்டுப்பாடு காகிதத்தில் இருந்தும் கணினிக்கு வந்து சேரவில்லை. அதற்கான விலையை நோயாளிகள் கொடுத்தார்கள் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

கண்காணிப்பவர் இருந்திருந்தால் அறிகுறி பளிச்சென்று தெரிந்திருக்கும். சாதாரண அலுவலகக் கணினி ஒன்று சில கோப்பு சர்வர்களோடுதான் போர்ட் 445 வழியாகப் பேசும். திடீரென்று நூற்றுக்கணக்கான முகவரிகளை அதே போர்ட்டில் தட்ட ஆரம்பித்தால் அது வோர்மின் வேலை. பேக்கப்பிலும் ஒரு நிபந்தனை உண்டு. வான்னாக்ரை `vssadmin delete shadows` கட்டளையால் விண்டோஸ் தானாக எடுத்துவைத்திருக்கும் பிரதிகளை அழித்துவிடும். கணினியோடு இணைந்திருக்கும் வெளி டிஸ்க்கில் உள்ளவற்றையும் பூட்டிவிடும். பிரித்து வைக்கப்பட்ட பேக்கப் மட்டுமே மிஞ்சும்.

சரி, கோப்பு எப்படிப் பூட்டப்பட்டது? மூன்றாவது அட்டவணை இதற்கு.

| | சமச்சீர் குறியாக்கம் | சமச்சீரற்ற குறியாக்கம் | ஹாஷ் |
|---|---|---|---|
| சாவி | பூட்டவும் திறக்கவும் ஒன்றே | பொதுச் சாவி, தனிச் சாவி என இரண்டு | இல்லை |
| வேகம் | அதிகம் | குறைவு | அதிகம் |
| திரும்பத் திறக்கலாமா | ஆம் | ஆம் | முடியாது |
| சிக்கல் | சாவியை ரகசியமாகச் சேர்ப்பது | பெரிய கோப்புக்கு ஒத்துவராது | எளிய கடவுச்சொல்லை ஊகிக்கலாம் |
| உதாரணம் | ஏஇஎஸ் | ஆர்எஸ்ஏ | எஸ்ஹெச்ஏ-256 |

2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியால், வழக்கமான பேடிங்கோடு, ஒரே தடவையில் 245 பைட்தான் பூட்ட முடியும். ஒரு எக்ஸ்ரே படத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே வான்னாக்ரை இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியது. ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஒரு 128 பிட் ஏஇஎஸ் சாவி உருவாக்கி, அதனால் கோப்பைப் பூட்டியது. 16 பைட் மட்டுமே உள்ள அந்தச் சாவியை ஆர்எஸ்ஏ பொதுச் சாவியால் பூட்டி, கோப்பின் தலைப்பகுதியிலேயே வைத்தது. அந்த ஆர்எஸ்ஏ ஜோடியும் பாதிக்கப்பட்ட கணினியிலேயே உருவானது. அதன் தனிச் சாவியைத் தாக்கியவர்களின் பொதுச் சாவியால் பூட்டி வைத்தார்கள். திறக்கும் சாவி அவர்களிடம் மட்டும். வங்கி இணையதளத்தோடு நம் உலாவி பேசும்போதும் இதே கூட்டு முறைதான்: ஆரம்பத்தில் சமச்சீரற்ற முறையால் அடையாளம் சரிபார்த்து, இரு பக்கமும் ஒரு சாவிக்கு உடன்பட்டு, பிறகு சமச்சீர் முறையில் தரவு ஓடுகிறது.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், நிரல் தேடிக்கொண்டிருந்த ஒரு இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவுசெய்ததும் பரவல் அடங்கியது. அந்த முகவரி பதில் சொன்னால் நிரல் தானே நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்தது. அதை ஆபத்தான முகவரி என்று நினைத்து ஃபயர்வாலில் தடுத்த நிறுவனங்களில் வோர்ம் நிற்கவில்லை. ஏற்கனவே பூட்டப்பட்ட கோப்புகளுக்கும் இதனால் விடிவு வரவில்லை.

சிலவற்றுக்கு மட்டும் வேறு வழி கிடைத்தது. ஆர்எஸ்ஏ சாவியை உருவாக்கப் பயன்பட்ட பகா எண்கள் சில பழைய விண்டோஸ் கணினிகளின் நினைவகத்தில் அழியாமல் இருந்தன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதிய வான்னாகீ, வானாகிவி என்ற கருவிகள் அவற்றைத் தேடியெடுத்துச் சாவியை மீண்டும் கட்டமைத்தன. கணினியை அணைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே இது பலித்தது. பாதிக்கப்பட்ட கணினியை நெட்வொர்க்கிலிருந்து உடனே பிரி, மின்சாரத்தைத் துண்டிக்காதே என்ற விடை தேர்வில் சரியாவது இதனால்தான்.