ஆசிரியை அனுப்பிய கடிதமும் தம்பியின் மழைப் போத்தலும்

கடந்த ஆண்டு என் தம்பி பள்ளிக்கு ஓர் எரிமலை மாதிரியைக் கொண்டு போனான். அழகான எரிமலை. வாசலில் வைத்து நான்தான் செய்தேன். சாயம் பூசியது அம்மா. பள்ளிக் கண்காட்சியில் யாரோ ஒருவர், "தம்பி, இந்த நுரை எப்படி வருது?" என்று கேட்டபோது அவன் என் முகத்தைத்தான் பார்த்தான். அன்று அவனைவிட எனக்குத்தான் அதிக வெட்கம்.

இந்த ஆண்டு அவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். நான் பல்கலைக்கழக விடுமுறைக்குக் கோலசிலாங்கூர் வந்திருந்த சமயம், புத்தகப் பையிலிருந்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். அறிவியல் ஆசிரியை பெற்றோருக்குத் தமிழில் எழுதியது. அம்மா படிக்காமலேயே, "எவ்வளவு காசு கேக்குறாங்க?" என்றார். காசு கேட்கவில்லை. "தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள்" என்பதுதான் அதன் முதல் வேண்டுகோளாக இருந்தது.

வகுப்பு நான்கு வாரம் செய்யப்போகும் செயல்திட்டத்தைக் கடிதம் விளக்கியது. தலைப்புக்குப் பதிலாக அதில் ஒரு கேள்வி இருந்தது: "நம் தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் ஒரே அளவு மழை பெய்கிறதா?" முதல் வாரம் மழைமானி செய்ய வேண்டும். அடுத்த பதினான்கு நாள் அளக்க வேண்டும். கடைசி வாரம் எல்லாருடைய அளவுகளையும் ஒப்பிட்டு, வகுப்பின்முன் விளக்க வேண்டும்.

மழைமானி செய்யும் முறை எளிது. ஒன்றரை லிட்டர் போத்தலைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேல்பகுதியைப் புனல்போல் தலைகீழாகச் செருக வேண்டும். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், பக்கங்கள் நேராகத் தொடங்கும் இடம்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அங்கே பூஜ்யக் கோடு போட வேண்டும். அதற்குமேல் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்ட வேண்டும். போத்தல் ஒல்லியா குண்டா என்பது பிரச்சினையில்லை. பக்கங்கள் நேராக இருந்து, வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் தண்ணீர் ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று ஆசிரியை ஒரே வரியில் எழுதியிருந்தார். நானே அதை அப்படி யோசித்ததில்லை.

இரண்டாம் பக்கம் முழுக்கப் பெற்றோருக்கு. "பிள்ளை எழுதும் எண்ணைத் திருத்தாதீர்கள். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுதட்டும். அளக்க மறந்த நாளைக் காலியாக விடட்டும். காலியும் பூஜ்யமும் ஒன்றல்ல. அழகுக்குப் புள்ளி இல்லை. தினசரிக் குறிப்பையும் பிள்ளையின் விளக்கத்தையும் வைத்தே அடைவு நிலையைத் தீர்மானிப்பேன்." 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்ட பிறகு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வகுப்பறை மதிப்பீட்டின் வழியாக ஆசிரியர்கள் எடைபோடுகிறார்கள். அதில் அடைவு நிலை ஒன்றிலிருந்து ஆறுவரை. நான் எரிமலை செய்து கொடுத்தபோது, ஆசிரியர் எடைபோட வேண்டியிருந்த பொருளையே மாற்றி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மா ஆறாம் வகுப்புவரை படித்தவர். "அறிவியல்னா நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்குறது?" என்று தயங்கினார். அதற்கும் கடிதத்தில் பதில் இருந்தது. பாடம் சொல்லித்தர வேண்டாம், மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்: இன்று என்ன பார்த்தாய்? ஏன் அப்படி என்று நினைக்கிறாய்? அது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வாய்? பெற்றோர் வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் உள்ள பெரியவர் யாராவது கேட்கலாம்.

அளக்கும் நேரம் எல்லாருக்கும் ஒன்று: காலை 6.30. பள்ளிக்குப் புறப்படும் முன் என்பதால் இருட்டில் டார்ச்லைட் அடித்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்தவுடன் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரைப் பூஜ்யக் கோடுவரை ஊற்ற வேண்டும். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் முட்டையிட்டால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும்.

முதல் நான்கு நாளும் சிக்கல் இல்லை. ஐந்தாம் நாள் தம்பியின் போத்தல் 61 மில்லிமீட்டர் காட்டியது. அதே வரிசையில் இருக்கும் அவன் கூட்டாளி வீட்டில் 22. "22-னு போட்டுடவா அக்கா? தப்பா இருந்தா சிரிப்பாங்க," என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். கடிதம் சுவரில் ஒட்டியிருந்ததால் நிறுத்தினேன்.

அன்று மாலை பாட்டி அந்தக் கேள்விகளைத் தன் பாணியில் கேட்டார். பாட்டி இளமையில் பால்மரம் சீவியவர். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் நில்லாமல் வழிந்து வீணாகும். அதனால் விடியும் முன்பே மழையைக் கணித்தாக வேண்டிய வேலை அது. "போத்தல வச்ச எடத்துல தரையப் பாத்தியா, ஐயா?" என்றார், அவ்வளவுதான்.

தம்பி குனிந்து பார்த்தான். போத்தலுக்குப் பக்கத்தில் மண்ணில் சின்னச் சின்னக் குழிகள், வரிசையாக, தகரக் கூரையின் விளிம்புக்கு நேர் கீழே. பெருமழையில் கூரைத் தண்ணீர் சொட்டும் கோடு அது. அவன் போத்தலுக்குள் வானத்து மழையோடு கூரை மழையும் சேர்ந்து விழுந்திருக்கிறது. முதல் நான்கு நாள் தூறலில் அது தெரியவில்லை.

ஆனால் அது அவன் நினைப்புதானே, நிரூபிப்பது எப்படி? மூன்றாவது கேள்வி வந்தது. இரண்டாவது போத்தல் ஒன்று செய்தான். பழையதை அதே இடத்தில் விட்டு, புதியதைத் திடலில் செங்கற்களுக்கு நடுவே ஆடாமல் நிறுத்தினான். பக்கத்தில் கூரையோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்பது கடிதத்தில் இருந்த விதி. முதல் தடவை யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த கனமழையில் திடல் போத்தல் 18, கூரையோரப் போத்தல் 47. ஐந்தாம் நாளின் 61-ஐ அவன் அழிக்கவில்லை. சிவப்பில் வட்டமிட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதினான்.

கடைசி வாரம் எல்லாருடைய எண்களும் ஒரே வரைபடத்துக்கு வந்தன. சரியாக வைத்த போத்தல்களிலும் வேறுபாடு இருந்தது. ஒருநாள் மாலை எங்கள் வீட்டில் 23. தோட்டத்தின் மறுகோடியில், செம்பனை ஆலைப் பக்கம், வெறும் 4. நம் மதிய இடிமழை சில கிலோமீட்டர் அகலமே உள்ள மேகத்திலிருந்து பெய்வது. ஒரு பக்கம் நனைத்து மறுபக்கம் காயவிடும். பிழையால் வந்த வேறுபாடு எது, உண்மையான வேறுபாடு எது என்று பிள்ளைகள் பிரித்துப் பார்த்த பிறகுதான் கேள்விக்கு "இல்லை" என்று பதில் எழுதினார்கள்.

விளக்கமளிக்கும் நாளில் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அம்மா அரைநாள் விடுப்பு எடுத்து வந்தார். "ஐந்தாம் நாளுக்கு ஏன் சிவப்பு வட்டம்?" என்று ஆசிரியை கேட்டார். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. கூரை, குழிகள், இரண்டாவது போத்தல் என்று தொடர்ந்து மூன்று நிமிடம் பேசினான். பேசி முடித்ததும் அம்மாவைப் பார்த்து, "பாட்டிதான் தரையப் பாக்கச் சொன்னாங்க," என்று சேர்த்துக்கொண்டான்.

வீட்டில் தம்பி தங்கை இருக்கும் நண்பர்களே, அடுத்த முறை அப்படி ஒரு கடிதம் வந்தால், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் இரண்டாம் பக்கத்தையும் படித்துவிடுங்கள்.