ஓர் எழுத்து மட்டும் இருக்கும்போது

கணினியியலில் மொழி என்பது எழுத்துச் சரங்களின் தொகுப்பு. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நிலைகளை மட்டும் கொண்ட எந்திரம் ஒன்றால் இனங்காண முடிகிற மொழி, ஒழுங்கு மொழி. சூழல்சாரா மொழியை இலக்கண விதிகள் உருவாக்கும். அங்கே ஒரு குறி தன்னுள்ளேயே மீண்டும் வரலாம். எத்தனை a வந்தனவோ அத்தனை b தொடரும் aⁿbⁿ சூழல்சாரா மொழி. ஆனால் ஒழுங்கு மொழி அல்ல. வந்த a-க்கள் எத்தனை என்பதை நினைவில் வைக்க எந்திரத்துக்கு நிலைகள் போதா.

அந்த b-ஐயும் a ஆக்கினால் மிஞ்சுவது இரட்டைப்படை நீளச் சரங்கள்தாம். அவற்றை இனங்காண இரண்டே நிலைகள் போதும். ஓரெழுத்துச் சூழல்சாரா மொழிகள் எல்லாமே இப்படி ஒழுங்கு மொழிகள்தாம் என்று சீமோர் கின்ஸ்பர்க்கும் ஹென்றி கார்டன் ரைஸும் 1962-இல் காட்டினர்.

இந்த இலக்கணத்தைப் பார்க்கலாம்:

```
S → aaSa | aaSaaa | a
```

முதல் விதி நீளத்தில் 3 கூட்டும். இரண்டாவது 5 கூட்டும். மூன்றாவது ஒரு a-உடன் முடித்துவைக்கும். புதிய எழுத்துகள் S-இன் இருபுறமும் சேர்ந்தாலும், எல்லாம் a என்பதால் எது எங்கே சேர்ந்தது என்பது தெரியாது. நீளம் ஒன்றே சரத்தை முழுமையாகச் சொல்லிவிடும்.

எந்தச் சரத்திலும் முதல் விதியை இன்னொரு முறை பயன்படுத்தலாம். ஆகவே ஒரு நீளம் மொழியில் இருந்தால், அதோடு 3 கூட்டிய நீளமும் இருக்கும். நீளங்களை 3-ஆல் வகுத்து மீதிப்படி பிரித்தால், மீதி 1 உள்ளவை 1, 4, 7 என்றும், மீதி 0 உள்ளவை 6, 9, 12 என்றும், மீதி 2 உள்ளவை 11, 14, 17 என்றும் செல்லும். மூன்றே கூட்டுத்தொடர்களில் மொழி முழுவதும் அடங்கிவிடுகிறது.

பொது நிரூபணமும் இதே வழியில் செல்கிறது. ஒவ்வொரு சூழல்சாரா மொழிக்கும் p என்று ஓர் எல்லை உண்டு. p அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுள்ள சரத்தின் வருவிப்பில், ஏதோ ஒரு குறி தன்னுள் மீண்டும் வந்தே தீரும். அந்தச் சுற்றைத் திரும்பத் திரும்ப நிகழ்த்தலாம். ஒவ்வொரு முறையும் k எழுத்துகள் கூடும். k சரத்துக்குச் சரம் மாறலாம், ஆனால் 1 முதல் p வரைக்குள்தான் இருக்கும். அந்த எண்கள் எல்லாம் p!-ஐ மீதியின்றி வகுக்கும். எனவே k எதுவானாலும், சுற்றை வேண்டிய தடவை நிகழ்த்தி நீளத்தில் சரியாக p! கூட்டலாம்.

இனி நீளங்களை p!-ஆல் வகுத்து மீதிப்படி பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் p-க்குக் குறையாத மிகச் சிறிய நீளத்தை எடுத்தால், அதன்பின் அந்த வகையில் வரும் நீளங்கள் எல்லாம் மொழியில் உள்ளவை. ஆக, மொழி என்பது சில குறுஞ்சரங்களும், அதிகபட்சம் p! கூட்டுத்தொடர்களும்தான். ஒவ்வொரு தொடரையும் சிறிது தூரம் எண்ணிவிட்டு வட்டமாகச் சுற்றும் எந்திரம் இனங்காணும். ஒழுங்கு மொழிகள் சிலவற்றின் சேர்க்கையும் ஒழுங்கு மொழியே.

எந்திரம் சிறிதாக இருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. A → BB, B → CC என இரட்டிக்கும் பத்து விதிகளும், ஒரு a தரும் விதியும் சேர்ந்து 1024 நீளமுள்ள ஒரே சரத்தை உருவாக்கும். அதை இனங்காணும் எந்திரத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலைகள் வேண்டும்.

ஒரு மொழி சூழல்சாரா மொழி அல்ல என்று காட்டவும் இது உதவும். 1, 4, 9, 16 என வர்க்க எண்களை நீளமாகக் கொண்ட சரங்களில், அடுத்தடுத்த நீளங்களுக்கு இடையிலான இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. முடிவில்லாத கூட்டுத்தொடர் எதுவும் அதற்குள் பொருந்தாது. எனவே எந்தச் சூழல்சாரா இலக்கணமும் அதை உருவாக்க முடியாது.