கையிருப்பு தீராத கூட்டல்

இத்தாலியின் போலோன்யா நகரில் வாழ்ந்த கணித அறிஞர் பியத்ரோ மெங்கோலி 1650இல் ஒரு கேள்வி கேட்டார். 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்று வர்க்க எண்களைத் தலைகீழாக்கி முடிவில்லாமல் கூட்டினால் என்ன வரும்? அதன் விடை π²/6 என்று ஆய்லர் 1735இல் கண்டுபிடித்தார். ஆனால் அதற்கு வெகு முன்பே, 1689இல், பாசல் நகரத்து யாக்கோப் பெர்னூலி இந்தக் கூட்டுத்தொகை 2ஐத் தாண்டாது என்று காட்டிவிட்டார். தொகை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. தொகை என்று ஒன்று உண்டு என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். அது எப்படி முடிந்தது?

பெர்னூலி முக்கோண எண்களைத் துணைக்கு அழைத்தார். அதே கருத்தை இன்னும் எளிமையாகவும் சொல்லலாம். நம் கையில் 2 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் செலவு 1. மீதி 1. அடுத்த செலவு 1/4. இதற்கு நாம் தாராளமாக 1/2 ஒதுக்குவோம். மீதி 1/2. அதற்கடுத்த செலவு 1/9. கையிருப்பை 1/2இலிருந்து 1/3ஆகக் குறைத்தால் 1/6 கிடைக்கும், செலவுக்கு மேலேயே இருக்கிறது. இப்படி n ஆவது செலவுக்குக் கையிருப்பை 1/(n−1)இலிருந்து 1/n ஆக இறக்குகிறோம். அதில் கிடைப்பது

1/(n−1) − 1/n = 1/(n(n−1))

இது 1/n²ஐ விடப் பெரியது. காரணம், கீழே n × n இருந்த இடத்தில் n × (n−1) என்று சற்றுச் சிறிய எண் வந்திருக்கிறது. ஆக எந்தச் செலவுக்கும் பணம் போதாமல் போவதில்லை. கையிருப்பும் ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

ஒதுக்கீடுகளை மட்டும் கூட்டிப் பாருங்கள்: (1 − 1/2) + (1/2 − 1/3) + (1/3 − 1/4) + … ஒவ்வொரு அடைப்பின் கடைசி எண்ணும் அடுத்த அடைப்பின் முதல் எண்ணோடு அடிபட்டுப்போகிறது. பழைய தொலைநோக்கியின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று மடங்குவது போல நீண்ட வரிசை முழுதும் 1 − 1/n என்று சுருங்கிவிடுகிறது. கூட்டப்படும் எண்கள் எல்லாம் நேர் எண்கள் என்பதால் நமது தொகை ஏறிக்கொண்டே போகும். ஆனால் 2ஐத் தாண்ட முடியாது. ஏறுவதும் நிற்காமல், வரம்பையும் மீறாமல் போகும் எண்வரிசை ஓர் இடத்தில் குவிந்தே ஆக வேண்டும். நேர் எண்கள் என்ற நிபந்தனையை விட்டால் இது பொய்த்துவிடும். 1 − 1 + 1 − 1 + … வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் எங்கும் குவிவதில்லை.

மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் n உறுப்புகளின் தொகை 2க்குக் குறைவு என்பதைத் தொகுத்தறிதல் முறையில் நிறுவ முயல்வார்கள். நகராது. 2க்குக் குறைவான ஒன்றோடு இன்னொரு நேர் எண்ணைக் கூட்டினால் 2க்குள் இருக்கும் என்று எப்படிச் சொல்வது? "தொகை 2 − 1/n ஐத் தாண்டாது" என்று இன்னும் கடுமையான கூற்றை எடுத்துக்கொண்டால் உடனே முடிந்துவிடும். கடினமான கூற்றை நிறுவுவது எளிதாகிவிடுவது வியப்பாகத் தோன்றலாம். அந்த 1/n நம் கையிருப்புதான். மீதி எவ்வளவு என்று தெரியாமல் அடுத்த செலவுக்கு உறுதி தர முடியாது.

எல்லாத் தொடருக்கும் இப்படிக் கையிருப்பு கிடைக்காது. 1 + 1/2 + 1/3 + … தொடரில் n+1 முதல் 2n வரை உள்ள n உறுப்புகளில் ஒவ்வொன்றும் குறைந்தது 1/(2n). ஆக அவை சேர்ந்து குறைந்தது அரை ரூபாய் கேட்கும். n இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் இன்னோர் அரை. எவ்வளவு பெரிய கையிருப்பும் தீர்ந்துவிடும்.

ஒதுக்கீட்டைச் செலவுக்கு நெருக்கமாக அமைத்தால் தொகையையே கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். கையிருப்பு 1/n க்குப் பதிலாக 1/(n + 1/2) என்று வையுங்கள். அப்போது ஒதுக்கீடு

1/(n − 1/2) − 1/(n + 1/2) = 1/(n² − 1/4)

இதுவும் 1/n²ஐ விடப் பெரியதுதான், ஆனால் மயிரிழை அளவே. முதல் 10 உறுப்புகளைக் கையால் கூட்டினால் 1.549768 வரும். பதினொன்றாவது உறுப்பிலிருந்து முடிவில்லாமல் வரும் அத்தனையும் சேர்ந்து 1/10.5க்கு, அதாவது 0.095239க்குக் குறைவு. ஆகவே முழுத் தொகை 1.645007ஐத் தாண்டாது. ஆய்லரின் π²/6 தருவது 1.644934.