காய்ந்த தெருவில் மழை ஈரம்

காய்ந்த தார்ச்சாலை வெளிறித் தெரியக் காரணம் அதன் சொரசொரப்பு. விழும் வெளிச்சத்தை அது நாலாபுறமும் சிதறடிக்கிறது. மழை பெய்ததும் நுண்துளைகளில் நீர் புகுந்து வெளிச்சத்தில் ஒரு பங்கை உள்ளேயே சிக்கவைப்பதால் சாலை கறுக்கிறது. மேலே படிந்த நீர்ப்படலம் எதிரிலுள்ளதைப் பிரதிபலிக்கிறது. படத்திலும் இதே வரிசைதான். முதலில் சாலையை மட்டும் தேர்ந்தெடுத்து, போட்டோஷாப்பின் `Curves` மூலம் நன்றாகக் கறுப்பாக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் சாலை நனைந்ததாகத் தெரியாது, மெழுகு பூசியதுபோல் இருக்கும்.

படத் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிடும். அழுத்தமான வெயில் நிழல் விழுந்த படம் உதவாது. மேகமூட்டத்திலோ விளக்கேற்றும் நேரத்திலோ எடுத்தது பொருந்தும்.

வலப்பக்கம் கடைவரிசை தூரத்தை நோக்கிக் குறுகிச் செல்லும் ஓர் அந்திநேரத் தெருவை எடுத்துக்கொள்ளலாம். கடைவரிசையை வெட்டிப் புதிய லேயரில் வைத்து `Edit > Transform > Flip Vertical` கொடுத்தால் அது தலைகீழாகும். ஆனால் கடைகளின் அடிக்கோடு சாய்ந்திருப்பதால், தலைகீழ்ப் பிம்பத்தின் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். `Skew` மூலம் அதைச் செங்குத்தாக இழுத்து, இரண்டு கோடுகளையும் ஒட்டவைக்க வேண்டும். முன்னால் நிற்கும் மின்கம்பத்தையும் ஆட்டோவையும் தனித்தனியே வெட்டி, அவை தரையைத் தொடும் இடத்திலிருந்தே திருப்ப வேண்டும். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் கவிழ்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கம்பத்தின் பிம்பம் கம்பத்தை விட்டு விலகி நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

பிம்ப லேயரை `Screen` முறையில் வைத்தால் வெளிச்சம் மட்டும் சாலையில் கூடும். சாலையின் மேடுபள்ளத்தால் ஈரத்தில் விளக்கொளி கீழ்நோக்கி நீளும். எனவே `Motion Blur` கோணத்தை 90 டிகிரியாக வைத்து மங்கலாக்க வேண்டும். நீர்ப்பரப்பைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் பிரதிபலிப்பு வலுக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் 2 சதவீத ஒளியே திரும்பும். ஆகவே லேயர் மாஸ்க்கில் தூரத்துச் சாலையில் பிம்பத்தைத் தூக்கலாக விட்டு, படத்தின் அடிப்பகுதிக்கு வர வரக் குறைக்க வேண்டும்.

தேங்கிய நீரின் கதை வேறு. அதன் பரப்பு சமதளம் என்பதால் அங்கே மங்கலாக்காத பிம்பத்தையே வைக்க வேண்டும். குட்டைகளைச் சாலையோரத்திலும் குழிகளிலும், கிடைமட்டமாக நீண்டு தட்டையான வடிவில் வரைவது நல்லது. வட்டமாக வரைந்தால் தரையில் படியாமல் எழுந்து நிற்பதுபோல் தோன்றும். விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்பு ஈரப்பட்டை வரைந்தால் குட்டை சாலையோடு ஒட்டிக்கொள்ளும்.

சரிபார்க்க ஒரு செங்குத்துக் கோடு போதும். கேமராவைச் சாய்க்காமல் எடுத்த படத்தில் ஒவ்வொரு விளக்கும் அதன் பிம்பமும் அதே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு குறை மட்டும் இந்த முறையில் தீராது: உண்மையான குட்டையில் கடைப் பந்தலின் அடிப்பக்கம் தெரியும், கேமரா பார்க்காத அந்தப் பகுதியைக் கவிழ்த்த படம் தராது. பந்தல் பெரிதாகத் தெரியும் இடத்தில் குட்டை வைக்காமல் தவிர்ப்பதே வழி.