ஸ்டிக்கர் வருவதற்குள் கோபம் வந்துவிடும்

எந்த விசேஷத்துக்கும் தாமதமாக வரும் சித்தப்பா ஒருவர் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் மகன் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம்: “சித்தப்பா, இந்தத் தடவையாவது முகூர்த்தத்துக்கு வந்துருங்க. இல்லன்னா பந்தியில வெறும் இலைதான்.” கையோடு ஒரு வடிவேலு ஸ்டிக்கரையும் தேடிப் பிடித்து அனுப்புகிறான். தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை அனுப்பிய பேரக்குழந்தை படங்கள் நடுவில் புகுந்துவிடுகின்றன. சித்தப்பாவோ குழுவைத் திறக்கவே இல்லை. போனின் மேலே வந்த நோட்டிஃபிகேஷனில் எழுத்தை மட்டும் படித்தார். “எனக்கு இலையே போட வேண்டாம்ப்பா” என்று பதில் வருகிறது.

ஸ்டிக்கர் போட்டும் ஏன் பலிக்கவில்லை? அது தனி மெசேஜ். எழுத்து முதலில் போய்ச் சேர்கிறது, சிரிப்பு பின்னால் வருகிறது. நோட்டிஃபிகேஷனில் அந்தப் படம் சரியாகத் தெரியும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் வாக்கியத்தின் கடைசியிலேயே 😜 போட்டிருந்தால், எழுத்தைப் படித்த கண் அதையும் சேர்த்தே படித்திருக்கும்.

இந்த யோசனை நாற்பது வருடத்துக்கும் மேல் பழையது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிப் பலகையில், லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்ற ரீதியில் ஒருவர் வேடிக்கையாக எழுத, சிலர் அதை நிஜமான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். அதைத் தொடர்ந்த பேச்சில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி ஆய்வாளர், 1982 செப்டம்பர் 19 அன்று, கேலியாக எழுதும்போது :-) என்று போடலாமே என்றார். எழுத்தோடு எழுத்தாக, அதே வரியில் போகிற குறி அது.

எழுதியவருக்கு இதெல்லாம் தேவையில்லை என்றுதான் தோன்றும். தன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறதே! ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மின்னஞ்சலில் எழுதிய கிண்டல் படிப்பவருக்கு எவ்வளவு புரியும் என்பதை எழுதியவர்கள் மிகையாகவே கணித்தார்கள்.

சரி, எந்த எமோஜி? யாரையாவது சீண்டும்போது 😂 கொஞ்சம் ஆபத்து. வாக்கியம் அவரைப் பற்றியது என்பதால், அவரைப் பார்த்து நாம் விழுந்து விழுந்து சிரிப்பதாகவும் அதைப் படிக்கலாம். நாக்கை நீட்டும் 😜, கண்ணடிக்கும் 😉 இரண்டும் சொல்பவரின் முகத்தைக் காட்டுகின்றன. “சும்மா சொன்னேன்” என்பது அதில் வந்துவிடுகிறது. வெறும் 🙂 வயதானவர்களுக்குச் சாதாரணப் புன்னகை, கல்லூரிப் பிள்ளைகள் பலருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது. கண்ணீரைப் பார்த்துவிட்டு இரங்கல் செய்திக்கு 😂 போடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அழும் 😭 முகத்தையோ இளசுகள் சிரிப்புக்குப் போடுகிறார்கள். ஆகவே மூன்று தலைமுறை இருக்கும் குழுவில் புதுப் பழக்கங்களைக் காட்டாமல் இருப்பதே மேல்.

ஸ்டிக்கர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. அடி வாங்கி முழிக்கும் வடிவேலுவை அனுப்புகிறவர், “அடி எனக்குத்தான் விழப்போகிறது” என்று தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார். சீண்டலின் சூடு அதிலேயே பாதி ஆறிவிடும். கவுண்டமணி காலைத் தூக்கும் ஸ்டிக்கர் அப்படியல்ல. அனுப்பியவர் கவுண்டமணி என்றால், பெறுபவர் செந்தில் ஆகிவிடுகிறார். நண்பர்களுக்குள் அது ரசமான விளையாட்டு. சம்பந்தி வீட்டாரும் இருக்கும் குழுவில் மாப்பிள்ளையை நோக்கி அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டும் காமெடிதான், ஆனால் யார் எந்த வேஷத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்டிக்கர் நடுவில் தொலையாமலிருக்க, சம்பந்தப்பட்ட மெசேஜை வலப்பக்கம் இழுத்து ‘ரிப்ளை’யாக அனுப்பினால் எதற்கான படம் என்பது கூடவே தெரியும்.

கிஃப்பை நம்பிக் கேலி செய்வது இன்னும் சந்தேகம். டேட்டாவை மிச்சம் பிடிக்க ஆட்டோ டவுன்லோடை நிறுத்திவைத்திருப்பவர் போனில் அது மங்கலான கட்டமாகவே கிடக்கும். தொட்டால்தான் ஓடும், கோபத்தில் இருப்பவர் எங்கே தொடப்போகிறார்!

எமோஜி போட மறந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் மெசேஜை அழுத்திப் பிடித்து ‘எடிட்’ செய்து சேர்க்கலாம். அழிக்கப் போனால், அழித்தது எல்லோருக்கும் தெரிந்து, என்னவோ ஏதோ என்று கேள்வி கிளம்பும். ஆனால் கடன், பிள்ளையில்லாதது, வேலை போனது போன்றவற்றைத் தொட்ட கேலியை எந்த மஞ்சள் முகமும் காப்பாற்றாது. அங்கே பின்னாலேயே 😜 போடுவது, குத்திவிட்டுச் சிரிப்பதாகத்தான் படும். அப்படி ஒன்று போய்விட்டால் குழுவில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்காமல், அவரை போனில் கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும்.