அரசு யாருடைய சாயல்? – 9
அவர் பெண், அவர் ஆய்வாளரும்தான்

அரசு ஊழியர்கள் தாங்கள் பணிசெய்யும் சமூகத்தின் சாயலில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு ‘பிரதிநிதித்துவ அதிகார வர்க்கம்’ என்று பெயர் சூட்டியவர் டொனால்ட் கிங்ஸ்லி. 1944இல் வெளிவந்த அவருடைய நூல் பிரிட்டனின் உயர் அதிகாரிகளைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் வசதியான குடும்பங்களில் பிறந்து ஒரே மாதிரியான பள்ளிகளில் படித்தவர்கள். உழைக்கும் மக்களுக்கான சட்டத்தை இவர்கள் மனமொன்றி நிறைவேற்றுவார்களா என்று கிங்ஸ்லி கேட்டார்.

1968இல் ஃபிரெடெரிக் மோஷர் என்ற அறிஞர் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவினர் நாற்காலிகளில் இருக்கிறார்களா என்பது ஒன்று. இதை இருப்பு என்போம். இருப்பவர்கள் தம்மைப் போன்ற மக்களின் நலனுக்காகச் செயல்படுகிறார்களா என்பது மற்றொன்று. இதைச் செயல் என்போம். முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நம்ப முடியாது என்றார் மோஷர். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைச் சோதித்துப் பார்க்க நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மகளிர் காவல் நிலையமே போதும்.

நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் பரவியது. அடிபட்ட பெண் ஓர் ஆண் அதிகாரியின் எதிரே உட்கார்ந்து உடம்பின் காயத்தையும் படுக்கையறைக் கொடுமையையும் விவரிக்கத் தயங்குவாள். கேட்பவரும் பெண்ணாக இருந்தால் வாய் திறப்பாள். இந்த எதிர்பார்ப்புக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் 60 பெருநகர் மாவட்டங்களின் காவல் துறைகளை கென்னத் மையரும் ஜில் நிக்கல்சன்-க்ராட்டியும் 2006இல் ஆராய்ந்தார்கள். பெண் போலீசாரின் விகிதம் கூடுதலாக இருந்த இடங்களில் பாலியல் வன்முறைப் புகார்களும் அதற்கான கைதுகளும் கூடுதலாக இருந்தன.

நம் ஊர் நிலையத்துக்குள் ஒரு புகார் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கணவனும் மாமியாரும் வரதட்சணை கேட்டு அடிக்கிறார்கள் என்று ஒரு பெண் மனு கொடுக்கிறாள். பெரும்பாலும் உடனே எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள். எதிர்தரப்பை வரச் சொல்லி இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். இனி அடிக்க மாட்டேன் என்று கணவனிடம் எழுதி வாங்குகிறார்கள். பெண்ணும் சமாதானமாகப் போவதாகக் கையெழுத்திட்டால் மனு முடிந்தது. சமரசம் ஆகாவிட்டால்தான் வழக்கு.

கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கணவன் மனைவி தகராறு, குடும்பத் தகராறு போன்றவற்றில் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று அதே தீர்ப்பு இடம்விட்டது. மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த வகைதான். ஆக, எதைக் குற்றமாகப் பதிவது, எதைப் பேசி முடிப்பது என்ற முடிவு பெரும்பாலும் நிலைய ஆய்வாளர் கையில் இருக்கிறது. இருப்பு செயலாக மாற வேண்டுமானால் அந்த நாற்காலியில் இருப்பவருக்கு இப்படி முடிவெடுக்கும் இடம் வேண்டும் என்று பிரதிநிதித்துவ அதிகார வர்க்கத்தை ஆராயும் அறிஞர்கள் சொல்வார்கள். இங்கே இடம் தாராளமாகவே இருக்கிறது.

அந்த இடத்தை எது நிரப்புகிறது என்பதில்தான் சிக்கல். ஆய்வாளர் பெண் என்பது உண்மை. அவர் பயிற்சிக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட அதிகாரி, மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதும் உண்மை. ‘குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம்’ என்பது பாராட்டைத் தரும் இடத்தில், வழக்குப் போடுவது வேலையைக் கூட்டும். பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ என்று கேட்டு வளர்ந்தவர் அதையே எதிரில் இருப்பவளுக்கும் நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். இருவரின் சாதியும் வர்க்கமும் வேறாக இருக்கலாம். சாதி மாறிக் காதலித்ததற்காகத் தகப்பனிடம் அடிவாங்கிய பெண்ணுக்கும் எதிரே இருக்கும் அதிகாரிக்கும் பால் ஒன்றாக இருக்கலாம். பார்வை ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஹரியானாவின் அனுபவம் இன்னொரு சிக்கலைக் காட்டியது. அங்கே 2015 ஆகஸ்டில் மாவட்டந்தோறும் மகளிர் காவல் நிலையங்கள் திறக்கப்பட்டன. அரசியல் அறிஞர் நிர்விகார் ஜஸ்ஸல் அவற்றின் விளைவைக் குற்றப் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார். பெண்களுக்கு எதிரான குற்றங்களின் மொத்தப் பதிவு கூடவில்லை. பக்கத்துக் காவல் நிலையங்கள் ‘இது மகளிர் நிலையத்து விஷயம், அங்கே போங்கள்’ என்று கைகழுவ ஒரு காரணம் கிடைத்தது. பாதிக்கப்பட்ட பெண் கூடுதல் தூரம் அலைய வேண்டியிருந்தது. பெண்களுக்கென்று தனி அறை கட்டியதும் வீட்டின் மற்ற அறைகள் தங்கள் கதவைச் சாத்திக்கொண்டது போல ஆயிற்று.

எல்லா ஆய்வும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சோஃபியா அமரல், சோனியா பாலோத்ரா, நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் மகளிர் காவல் நிலையங்கள் வந்த இடங்களில் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு கூடியதாகக் கண்டார்கள். எனவே, தனி நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை விட, பெண் அதிகாரி எங்கே, எந்த நடைமுறைக்குள் உட்கார வைக்கப்படுகிறார் என்பதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

இதற்கு மத்தியப் பிரதேசம் நல்ல சான்று. அங்கே 2.34 கோடி மக்களுக்கான 180 சாதாரணக் காவல் நிலையங்களை ஓர் ஆய்வுக்காக எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த நிலையங்களில் பெண்களுக்கான உதவி மேசைகளை அமைத்தார்கள். தனியாகப் பேச இடம், புகாரை எப்படிக் கையாள வேண்டும் என்ற வரைமுறை, அதற்கான பயிற்சி எல்லாம் தரப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி நிலையங்களில் மட்டும் மேசையின் பொறுப்பு பெண் அதிகாரியிடம் விடப்பட்டது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான முடிவின்படி, உதவி மேசை இருந்த நிலையங்கள் பெண்கள் மீதான வன்முறை வழக்குகளைக் கூடுதலாகப் பதிந்தன. பெண் அதிகாரி பொறுப்பில் இருந்த இடங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நடைமுறையும் ஆளும் சேர்ந்தபோது பலன் பெருகியது. அது மட்டுமல்ல, பெண்ணின் புகார் எல்லோருக்கும் பொதுவான நிலையத்தின் வேலையாகவே இருந்தது.

நம் ஊர் மகளிர் காவல் நிலையம் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அங்கே எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணுவதோடு நிற்கக் கூடாது. வந்த மனுக்களில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின, எத்தனை குற்றப்பத்திரிகை வரை போயின, சமாதானம் என்று முடிக்கப்பட்ட மனுக்காரர்களில் எத்தனை பேர் மறுபடி அடிபட்டு வந்தார்கள் என்று கேட்க வேண்டும். பதிவான குற்றம் கூடியதும் ‘குற்றம் பெருகிவிட்டது’ என்று அரசைச் சாடும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். அந்தச் சாடலின் பயம் இருக்கும்வரை மேலதிகாரி எண்ணிக்கையைக் குறைக்கத்தான் சொல்வார். கீழே இருப்பவர் எந்தப் பாலினமானாலும் கீழ்ப்படிவார்.

இதையெல்லாம் காட்டி, பிரதிநிதித்துவமே வீண் என்று முடிவுகட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரசு வேலை குடிமக்கள் அனைவருக்கும் உரியது. ஒரு பிரிவினர் அதில் பங்கு கேட்பதற்கு, தாங்கள் மற்றவர்களை விடச் சிறப்பாகச் செய்வோம் என்று நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் செய்யும் வேலைக்குப் பலன் கிடைக்க வேண்டுமானால் விதி, பயிற்சி, அதிகாரம், மேலிருந்து வரும் கேள்வி ஆகிய அனைத்தும் கூடவே மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணின் மீது மட்டும் குறை சொல்வது அநியாயம்.

(தொடரும்)